காது யாருடையது? முகம் மாற்றிய வீடியோவை நிறுத்திப் பார்ப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

2023 நவம்பர்ல ராஷ்மிகா மந்தனா பேர்ல ஒரு வீடியோ சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? கறுப்பு உடை போட்ட ஒரு பெண் லிஃப்டுக்குள்ள நுழைவாங்க. சில நொடிதான். பார்த்தவங்கள்ல பல பேர் அது ராஷ்மிகான்னே நம்பினாங்க. உண்மையில அந்த உடம்பு, அந்த லிஃப்ட், அந்த நடை எல்லாமே வேற ஒரு பெண்ணோடது. பிரிட்டன்ல இருக்கிற அவங்க, அதுக்கு முந்தின மாசம் தன்னோட இன்ஸ்டாகிராம்ல போட்ட வீடியோ அது. அதுமேல ராஷ்மிகாவோட முகத்தை ஏத்தியிருந்தாங்க. 2024 ஜனவரியில டெல்லி போலீஸ் ஆந்திராவில ஒருத்தரைக் கைது செஞ்சது.

அந்த வீடியோவோட முதல் நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. லிஃப்ட் வாசல்ல அந்தப் பெண் தெரியும்போது, ஒரு கணம் அவங்களோட சொந்த முகமே இருக்கு. உள்ள வர்ற நேரத்துல அது ராஷ்மிகா முகமா மாறுது. ஒரே ஆள், ரெண்டு முகம், நடுவுல கட் கிடையாது. ஃபோன்ல விரலால தள்ளிக்கிட்டே பார்க்கிறவங்களுக்கு அது கண்ணில படாது.

அந்த ஒரு கணத்துல நடந்தது என்னன்னு புரிஞ்சா, இன்னைக்கு நான் பேசப் போற மூணு விஷயமும் புரிஞ்சிடும்: காது, பல், கண்ணுக்குள்ள தெரியுற வெளிச்சம். இதெல்லாம் எல்லாரும் ஃபார்வர்ட் பண்ற "கண்டுபிடிக்க பத்து வழிகள்" லிஸ்ட்ல இருக்கும். ஆனா அந்த லிஸ்ட் எதுவும் ஏன்னு சொல்லாது. ஏன்னு தெரியாம பார்த்தா, நிஜ வீடியோவையே போலின்னு சொல்லிடுவோம்.

முதல்ல, முகம் மாத்துற மென்பொருள் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். வீடியோங்கிறது நொடிக்கு 25, 30 படங்கள். ஒவ்வொரு படத்துலயும் மென்பொருள் முதல்ல முகம் எங்கே இருக்குன்னு தேடும். கிடைச்சா ரெண்டு கண், மூக்கு நுனி, வாயோட ரெண்டு ஓரம்னு சில புள்ளிகளைக் குறிச்சுக்கும். அந்தப் புள்ளிகளை வெச்சு முகத்தை நேரா நிமிர்த்தி, ஒரு சின்னச் சதுரமா வெட்டி எடுக்கும். அந்தச் சதுரத்துக்குள்ள, அதே பாவனையோட, அதே திருப்பத்தோட, வேற ஒருத்தர் முகத்தை வரையும். வரைஞ்சதைத் திரும்பப் பழைய இடத்துல ஒட்டி, ஓரத்தை மழுப்பி, நிறத்தைச் சரி பண்ணும். அவ்வளவுதான். அடுத்த படம்.

இப்போ அந்த லிஃப்ட் வாசலை யோசிச்சுப் பாருங்க. முகம் பாதி மறைஞ்சிருந்தாலோ, ரொம்பப் பக்கவாட்டுல இருந்தாலோ, மென்பொருளுக்கு "முகம் இருக்கு"ன்னே தெரியாமப் போகலாம். தெரியலைன்னா ஒட்டாது. ஒட்டலைன்னா பழைய முகம் அப்படியே வெளியே வரும். அந்த முதல் நொடியில நடந்ததுக்கு இதைவிட எளிமையான விளக்கம் எனக்குத் தோணலை.

இதுல முக்கியமான விஷயம், ஒட்டுற பகுதி எதுவரைக்கும் போகுதுங்கிறது. வழக்கமா நெத்தியோட கீழ்ப்பாதியில ஆரம்பிச்சு தாடையில முடியும். பக்கவாட்டுல கன்னம் வரைக்கும். அதுக்கு வெளிய இருக்கிறது எல்லாம், அதாவது தலைமுடி, கழுத்து, காது, உடம்புக்குச் சொந்தக்காரரோடது. உள்ள இருக்கிறது எல்லாம், அதாவது புருவம், கண், மூக்கு, பல், இயந்திரம் வரைஞ்சது. ஆக, காதைப் பார்க்கிறதும் பல்லைப் பார்க்கிறதும் ஒரே மாதிரியான சோதனை இல்லை. காதுகிட்ட நீங்க கேட்கிற கேள்வி, "நீ யாருடைய காது?" பல்கிட்டயும் கண்கிட்டயும் கேட்கிற கேள்வி, "உன்னை கேமரா பார்த்துச்சா, இல்ல யாராவது வரைஞ்சாங்களா?"

இதை வாயால சொல்றதைவிட செஞ்சு பார்க்கலாம்னு, எங்க எடிட்டர்கிட்ட அனுமதி வாங்கி ஒரு சோதனை செஞ்சோம். அவர் ஸ்டுடியோவுல உட்கார்ந்து 20 நொடி பேசினார். இடது பக்கம் ஜன்னல், நேரெதிர்ல ஒரு வளைய விளக்கு. 1080p, நொடிக்கு 30 படம். மொத்தம் 600 படம். அதுமேல என் முகத்தை ஏத்தினோம். அப்புறம் அசலையும் மாத்தினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு படமா நகர்த்திப் பார்த்தோம். இதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டர்ல வி.எல்.சி பிளேயர் இருந்தா `E` பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொரு படமா நகரும். யூடியூபா இருந்தா வீடியோவை நிறுத்திட்டு `.` அழுத்தினா ஒரு படம் முன்னாடி போகும், `,` அழுத்தினா ஒரு படம் பின்னாடி வரும்.

காதுல இருந்து ஆரம்பிப்போம். எங்க எடிட்டரோட காதுமடல் நுனி, அதான் கம்மல் போடுற சதை, தொங்காம நேரா கன்னத்தோட ஒட்டியிருக்கும். எனக்கு அது தனியா தொங்கும். அதுபோக சின்ன வயசுல காது குத்தி, தூர்ந்து போன தழும்பு ஒண்ணு இருக்கு. மாத்தின வீடியோவுல முகம் நான்தான். எங்க அம்மாகிட்ட காட்டினா நம்பிடுவாங்க. ஆனா காது முழுசா எடிட்டரோடது. 600 படத்துல ஒண்ணுல கூட அது என் காதா மாறலை. மாறாது, ஏன்னா மென்பொருள் அதைத் தொடவே இல்லை.

காது ரொம்பத் தனித்துவமான உறுப்பு. வெளிவிளிம்பு எப்படி சுருளுது, உள்ள இருக்கிற மேடு எங்கே ரெண்டாப் பிரியுது, நுனி ஒட்டியிருக்கா தொங்குதா, காது தலையை விட்டு எவ்வளவு விலகி நிக்குது. இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். வயசானா நுனி கொஞ்சம் நீளும், ஆனா மடிப்பு மாறாது. அதனால சந்தேகப்படுற வீடியோவுல இருக்கிறவரோட நம்பகமான படம் உங்ககிட்ட இருந்தா, பழைய பேட்டியோ மேடைப் பேச்சோ, ரெண்டையும் வெச்சுக் காதை மட்டும் ஒப்பிடுங்க.

ஒப்பிடும்போது ரெண்டு விஷயத்துல கவனம் வேணும். ஒண்ணு, கோணம். நேரா எடுத்த படத்துக் காதையும் பக்கவாட்டுல எடுத்த படத்துக் காதையும் ஒப்பிட்டா எல்லாரும் வேற ஆளாத்தான் தெரிவாங்க. ரெண்டாவது, இடது வலது. ஒரே மனுஷனோட ரெண்டு காதும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. ஆனா முன்பக்க கேமராவுல எடுத்த செல்ஃபி பல ஃபோன்கள்ல கண்ணாடி மாதிரி இடவலம் மாறிப் பதிவாகும். நீங்க இடது காதுன்னு நினைச்சுப் பார்க்கிறது வலது காதா இருக்கும். சட்டையில இருக்கிற எழுத்து, பின்னாடி இருக்கிற போர்டு, தலை வகிடு, இதுல ஏதாவது ஒண்ணை வெச்சு முதல்ல அதைச் சரிபார்த்துக்கோங்க.

காதுக்குப் பக்கத்துல இன்னொரு இடம் இருக்கு. காதுக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு விரல் அகலத்துக்கு இருக்கிற தோல். ஒட்டின பகுதி முடியுற எல்லை பெரும்பாலும் அங்கேதான் வரும். சுவத்துல பழைய போஸ்டர் மேல புது போஸ்டர் ஒட்டினா ஓரத்துல பழசு எட்டிப் பார்க்கும் இல்லையா, அது மாதிரி. எங்க வீடியோவுல ஜன்னல் வெளிச்சம் எடிட்டரோட இடது காதுல நல்லா விழுந்து, காது கொஞ்சம் சிவந்து தெரிஞ்சது. அந்த வெளிச்சம் கன்னத்துல மெல்ல மெல்லக் குறையணும். மாத்தினதுல காதை ஒட்டின இடத்துல சட்டுன்னு நின்னுடுச்சு. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தா இன்னும் சுலபம். கண்ணாடியோட காம்பு கண் பக்கத்துல ஆரம்பிச்சுக் காதுக்குப் பின்னாடி போகும். அதாவது எல்லையைக் குறுக்கால கடக்கும். எடிட்டர் கண்ணாடி போட்டுப் பேசின இன்னொரு துண்டுல, அவர் தலையைத் திருப்பும்போது காம்பு நடுவுல மங்கி, காதுகிட்ட மறுபடி பளிச்சுன்னு வந்துச்சு.

அடுத்தது பல். இங்கே கொஞ்சம் கணக்கு வருது, ஆனா சின்னக் கணக்குதான்.

சாதாரணமாப் புழக்கத்துல இருக்கிற முகமாற்ற மாடல்கள்ல ஒண்ணோட பேர் `inswapper_128`. அந்த 128ங்கிறது, அது வரையுற சதுரத்தோட அளவு: 128 பிக்சலுக்கு 128 பிக்சல். உங்க ஃபோன்ல இருக்கிற ஒரு ஆப் ஐகான் கூட அதைவிடப் பெரிசா இருக்கலாம். அதுக்குள்ள முழு முகமும் அடங்கணும். அப்போ வாயோட ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் சுமார் 30 பிக்சல்தான் கிடைக்கும். மனுஷ வாய் சுமார் 5 சென்டிமீட்டர் அகலம். அப்படின்னா ஒரு மில்லிமீட்டருக்கு அரை பிக்சலுக்குக் கொஞ்சம் மேல. எனக்கு முன்பல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கு. அந்த இடைவெளியை வரைய இந்த மாடலுக்கு ஒரு முழு பிக்சல் கூடக் கிடையாது.

அதனால என்ன ஆகும்? தனித்தனிப் பல்லா தெரியாம, வெள்ளையா ஒரே பட்டை மாதிரி தெரியும். 2019ல ஜெர்மனியில ஃபால்கோ மாட்டர்ன், கிறிஸ்டியன் ரீஸ், மார்க் ஷ்டாமிங்கர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் முகமாற்ற வீடியோக்கள்ல கண்ணுக்குத் தெரியுற தடயங்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. பல் தனித்தனியா பிரியாம ஒரே வெள்ளைத் திட்டா வர்றது அவங்க குறிச்ச அடையாளங்கள்ல ஒண்ணு.

ஆனா இன்னைக்கு நீங்க பார்க்கிற வீடியோவுல அந்த வெள்ளைப் பட்டை இல்லாமலும் இருக்கலாம். ஏன்னா 128 பிக்சல் முகத்தை அப்படியே பெரிசாக்கினா மங்கலாத் தெரியும்னு, அதுமேல இன்னொரு மாடலை ஓட்டுறாங்க. மங்கின முகத்தைத் தெளிவாக்குற மாடல். அது ஆயிரக்கணக்கான நல்ல முகங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டது. மங்கலா ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும், "இங்கே பல் இருக்கணும்"னு முடிவு பண்ணி, அழகா, வரிசையா, டூத்பேஸ்ட் விளம்பரத்துல வர்ற மாதிரி பல் வரைஞ்சிடும். எங்க சோதனையில என் இடைவெளி காணாமப் போச்சு. பல் டாக்டர்கிட்ட போகாமலே சரியாகிடுச்சு! கோணல் பல், உடைஞ்ச ஓரம், கொஞ்சம் நிறம் மாறின ஒத்தைப் பல், தெத்துப்பல், இதெல்லாம்தான் முதல்ல அழியும். அதனால "பல் மோசமா இருக்கா"ன்னு தேடாதீங்க. "இது அவரோட பல்லா"ன்னு தேடுங்க.

இன்னொண்ணு, எண்ணிக்கை. ஒவ்வொரு படத்தையும் அந்த மாடல் தனித்தனியாத்தான் தெளிவாக்குது. முந்தின படத்துல எத்தனை பல் வரைஞ்சோம்னு அதுக்கு ஞாபகம் இருக்காது. எடிட்டர் சிரிச்ச இடத்துல 8 படத்தை அடுத்தடுத்து நகர்த்தினோம். மேல் வரிசையில ஒரு படத்துல ஆறு பல், அடுத்ததுல ஏழு, அதுக்கு அடுத்ததுல நடுப்பல் ரெண்டும் லேசா இடப்பக்கம் நகர்ந்திருந்தது. உதடு மூடித் திறக்கிறப்போ தெரியுற பல் எண்ணிக்கை மாறலாம், அது இயல்பு. ஆனா உதடு அசையாம இருக்கும்போதே பல்லுக்கு நடுவுல இருக்கிற கோடு நகர்ந்தா அது எலும்புல முளைச்ச பல் இல்லை.

இதுலயும் ஒரு திருப்பம் இருக்கு. சில மென்பொருள்ல வாயை மட்டும் மாத்தாம விட்டுடுற வசதி உண்டு. உடம்புக்குச் சொந்தக்காரரோட நிஜ வாய் அப்படியே முகத்துக்கு நடுவுல ஓட்டை போட்ட மாதிரி தெரியும். அப்போ பல் ரொம்ப இயல்பா இருக்கும், படத்துக்குப் படம் மாறாது. ஆனா அது வேற ஆளோட பல். காதுக்குக் கேட்ட அதே கேள்வியை அங்கேயும் கேட்க வேண்டியதுதான்.

இப்போ கண். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. ஆனா மூணுல நான் கடைசியா நம்புறதும் இதைத்தான். காரணம் சொல்றேன்.

கண்ணோட முன்பக்கம் ஒரு குட்டி உருண்டைக் கண்ணாடி மாதிரி. எதிர்ல இருக்கிற வெளிச்சம் எல்லாம் அதுல சின்னதா பிரதிபலிக்கும். ஜன்னல் இருந்தா குட்டி ஜன்னல், வளைய விளக்கு இருந்தா குட்டி வளையம். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் 6 சென்டிமீட்டர் தூரம்தான். விளக்கு ரெண்டு மீட்டர் தள்ளி இருந்தா, ரெண்டு கண்ணும் அதைக் கிட்டத்தட்ட ஒரே திசையில பார்க்குது. அதனால ரெண்டு கண்ணுலயும் அதே வடிவம், கிட்டத்தட்ட அதே இடத்துல விழணும். இடது கண்ணுல பத்து மணி திசையில ஒரு ஜன்னல் தெரிஞ்சா, வலது கண்ணுலயும் பத்து மணி திசையில ஜன்னல்தான் தெரியணும். ரெண்டு மணி திசையில ஒரு வட்டம் தெரியக் கூடாது.

எங்க அசல் வீடியோவுல எடிட்டரோட ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு வளையம், அதுக்குப் பக்கத்துல ஜன்னலோட சதுரம். மாத்தினதுல வளையமும் இல்லை, சதுரமும் இல்லை. ரெண்டு கண்ணுலயும் ஆளுக்கொரு வெள்ளைப் புள்ளி. அதுவும் வேற வேற உயரத்துல. காரணம் பல்லுக்குச் சொன்ன அதே கணக்குதான். 128 பிக்சல் சதுரத்துல கருவிழி சுமார் 7 பிக்சல். அதுல தெரியுற ஜன்னல் ஒரு பிக்சல் இருந்தா அதிகம். அப்புறம் தெளிவாக்குற மாடல் வந்து, "கண்ணுன்னா ஒரு மின்னல் இருக்கணும்"னு ஒரு புள்ளி வெச்சுட்டுப் போயிடுது. அந்த அறையில என்ன விளக்கு இருந்ததுங்கிறது அதுக்குத் தெரியாது.

அமெரிக்காவுல பஃபலோ பல்கலைக்கழகத்துல சீவேய் லியூவோட குழு, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் உருவாக்கின முகப் படங்கள்ல இதையே சோதிச்சாங்க. ரெண்டு கண்ணோட பிரதிபலிப்பும் எவ்வளவு பொருந்துதுன்னு கணக்குப் போட்டுப் போலியைப் பிரிச்சாங்க. 2024ல இங்கிலாந்தோட ஹல் பல்கலைக்கழகத்துல கெவின் பிம்ப்ளெட், அடெஜுமோக் ஒவோலாபி ரெண்டு பேரும் அதே வேலைக்கு வானியல்ல இருந்து ஒரு கருவியை எடுத்தாங்க. விண்மீன் கூட்டத்துல வெளிச்சம் எப்படிப் பரவியிருக்குன்னு அளக்க வானியலாளர்கள் பயன்படுத்துற கினி எண். அதை வெச்சு ரெண்டு கண்ணுலயும் வெளிச்சம் ஒரே மாதிரி பரவியிருக்கான்னு பார்த்தாங்க. கேட்கவே நல்லா இருக்கு. ஆனா இது ரெண்டுமே தெளிவான, பெரிய முகப் படத்துல செய்யுற வேலை. உங்க ஃபேமிலி குரூப்ல வர்ற வீடியோவுல கண்ணு அரைக் கடுகு அளவுதான் இருக்கும்.

அதுமட்டுமில்லை, நிஜக் கண்ணுலயும் பிரதிபலிப்பு பொருந்தாமப் போகலாம். ஃபோனை முகத்துக்கு 20 சென்டிமீட்டர்ல பிடிச்சிருந்தா, திரை வெளிச்சம் ரெண்டு கண்ணுலயும் வேற வேற இடத்துலதான் விழும். ஒரு பக்கம் மூக்கோட நிழலோ, முடியோ மறைச்சா ஒரு கண்ணுல இருக்கும், ஒரு கண்ணுல இருக்காது. வெளியே மேகமூட்டமா இருந்தா ரெண்டுலயும் ஒண்ணும் தெரியாது.

அடுத்ததா, எங்க சோதனையில நாங்க செஞ்ச கடைசி வேலை. மாத்தின வீடியோவை வாட்ஸ்அப்ல ஒருத்தருக்கு அனுப்பி, அவர் இன்னொருத்தருக்கு ஃபார்வர்ட் பண்ணி, அங்கிருந்து ஸ்டேட்டஸ்ல போட்டு, அதை ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்துத் திரும்ப வாங்கினோம். நிஜ வாழ்க்கையில ஒரு வீடியோ உங்ககிட்ட வர்ற வழி அதானே. திறந்து பார்த்தா கண்ணுல புள்ளியே காணோம். பல் வரிசையில கோடுகள் கரைஞ்சு போச்சு. எடிட்டரோட அசல் வீடியோவையும் அதே வழியில சுத்த விட்டு வாங்கினோம். அதுலயும் பல் வெள்ளைப் பட்டைதான்! அதாவது அந்த நிலையில பல்லைப் பார்த்து ஒண்ணுமே சொல்ல முடியாது. காதுநுனி ஒட்டியிருக்கிறது மட்டும் அப்பவும் தெளிவாத் தெரிஞ்சது. காது 6 சென்டிமீட்டர் உயரம். கண்ணுல விழுற ஜன்னல் ஒரு மில்லிமீட்டர். எது தாக்குப் பிடிக்கும்னு கேட்கவே வேண்டாம். அதனால ஃபார்வர்டா வந்த வீடியோவுக்கு நான் போற வரிசை: காது, காதோர எல்லை, அப்புறம் பல். கண்ணைப் பார்க்கிறது, அசல் தரத்துல கிடைச்சா மட்டும்.

காதும் எல்லா நேரமும் கைகொடுக்காது. தலைமுடி மறைச்சிருந்தா, ஹெட்ஃபோன் போட்டிருந்தா, தலையில முக்காடு இருந்தா பார்க்க ஒண்ணும் இல்லை. ஃபோனோட போர்ட்ரெய்ட் மோட் நிஜப் படத்துலயே காதோரத்தை மழுப்பி வைக்கும். அழகுபடுத்துற ஃபில்டர் நிஜப் பல்லையே வெள்ளையாக்கும். அதனால ஒரே ஒரு அடையாளத்தை வெச்சு "போலி"ன்னு அறிவிச்சுடாதீங்க. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு அடையாளமாவது சேரணும். காது பொருந்தலை, அதே வீடியோவுல சிரிக்கும்போது பல் கோடும் நகருதுன்னா, அப்போ பேசலாம்.

முக்கியமா, இது முகம் மாத்தின வீடியோவுக்கு மட்டும்தான். 2024 ஜனவரியில சச்சின் டெண்டுல்கர் ஒரு கேமிங் ஆப்பைப் பரிந்துரைக்கிற மாதிரி ஒரு வீடியோ வந்தது. அது போலின்னு அவரே பதிவு போட்டுச் சொன்னார். அந்த மாதிரி வீடியோவுல நிஜமா அந்த ஆளே பேசின பழைய பதிவை எடுத்து, குரலையும் வாயசைவையும் மட்டும் மாத்துவாங்க. அங்கே போய் காதை ஒப்பிட்டா அச்சு அசலாப் பொருந்தும், ஏன்னா அது அவரோட காதேதான். கண்ணுல வெளிச்சமும் பொருந்தும். காது பொருந்துதுங்கிறதாலேயே வீடியோ நிஜம்னு ஆகாது.

அந்த வகையிலயும் காது ஒரு விதத்துல உதவும்னு 2021ல ஷ்ருதி அகர்வாலும் ஹானி ஃபரீதும் ஒரு ஆய்வுல காட்டினாங்க. இப்போ உங்க காதுக்கு முன்னாடி விரலை வெச்சுக்கிட்டு "ஆ"ன்னு வாயைத் திறந்து மூடுங்க. அசையுது இல்லையா? தாடை அசைஞ்சா காதும் லேசா அசையும். வாயசைவை மட்டும் மாத்தின வீடியோவுல, வாய் புது வசனத்தைப் பேசும், காது பழைய வசனத்துக்கு ஆடும். வெறும் கண்ணால பிடிக்கிற அளவு அசைவு இல்லை, கணக்குப் போட்டு அளக்கணும். ஆனாலும் யோசிக்க யோசிக்க எனக்கு அது சின்ன ஆச்சரியம்தான்.

கடைசியா, நேரலை வீடியோ கால். இதை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடியாது. 2023 ஜூலையில கேரளாவுல கோழிக்கோட்டுல ஓய்வு பெற்ற ஒருத்தருக்கு, கூட வேலை பார்த்த பழைய நண்பர் பேர்ல வாட்ஸ்அப்ல அழைப்பு வந்தது. உறவுக்காரருக்கு ஆபரேஷன், அவசரமா 40,000 ரூபாய் வேணும்னு கேட்டாங்க. நம்பிக்கை வர்றதுக்காக வீடியோ காலும் வந்தது. தெரிஞ்ச முகம்தான். ஆனா சில நொடி மட்டும். இவர் பணத்தை அனுப்பிட்டார்.

அந்தச் சில நொடிங்கிறது தற்செயல் இல்லை. இவ்வளவு நேரம் சொன்ன தடயங்கள் எல்லாம் நேரம் ஆக ஆகத்தான் வெளியே வரும். முகம் திரும்பணும், சிரிக்கணும், தலையைச் சொறியணும். நீளமாப் பேச வேண்டிய அழைப்பா இருந்தா, எதிர்ல இருக்கிறவரை முழுசாப் பக்கவாட்டுல திரும்பச் சொல்லுங்க. உங்களுக்குக் காது நேராத் தெரியுற அளவுக்கு. இது ஏன் கஷ்டம்னா, முழுப் பக்கவாட்டுல ஒரு கண்ணும் வாயோட ஒரு ஓரமும் மறைஞ்சிடும். மென்பொருள் குறிக்க வேண்டிய புள்ளிகள்ல பாதி காணாமப் போகும். மாடல் கத்துக்கிட்ட படங்கள்லயும் நேர்முகம்தான் அதிகம், பக்கவாட்டு முகம் குறைவு. எங்க எடிட்டர் மெதுவாத் திரும்பினப்போ முக்கால்வாசி வரைக்கும் நானாவே இருந்தார். அதுக்கு மேல மூக்கு நடுங்குச்சு, கன்னம் தட்டையாச்சு, ஒரு அஞ்சாறு படத்துக்கு லிஃப்ட் வாசல் மாதிரி அவரோட முகமே வந்துட்டுப் போச்சு. முகத்துக்குக் குறுக்க கையை மெதுவாக் கொண்டு போகச் சொல்றதும் உதவும். ஆனா இப்போ சில மென்பொருள் கையை ஓரளவு சமாளிக்குது. பக்கவாட்டுத் திருப்பம்தான் இன்னும் கொஞ்சம் உறுதியான சோதனை. தேர்ச்சியான மாடல் இதையும் தாண்டலாம். "நெட்வொர்க் சரியில்லை"ன்னு சொல்லிட்டு அழைப்பையே துண்டிக்கலாம்.

கோழிக்கோட்டுக்காரர் இதுல எதையும் செய்யலை. கொஞ்ச நேரத்துல இன்னும் 35,000 ரூபாய் கேட்டு மறுபடி அழைப்பு வந்தது. அப்போதான் அவருக்குச் சந்தேகம். தன் ஃபோன்ல ஏற்கெனவே இருந்த நண்பரோட பழைய நம்பருக்குக் கூப்பிட்டார். நண்பர் எடுத்தார். தான் கூப்பிடவே இல்லைன்னார்.